இறந்தவர் பெயரை எடுக்க வாரிசுச் சான்றிதழ் எதற்கு?

நண்பர்களே, நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் கணவன் மனைவி பெயரில் கூட்டுக் கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தேவைப்படும். இன்று இல்லாவிட்டால் என்றாவது ஒரு நாள்.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். "ஐதர் ஆர் சர்வைவர்" என்று எழுதிக்கொடுத்துத் தொடங்கிய கூட்டுக் கணக்கில் ஒருவர் இறந்துபோனால், அவர் பெயரை நீக்கிவிட்டு மற்றவருக்குக் கணக்கைக் கொடுப்பது வங்கி செய்யும் உதவி அல்ல. கடமை. அதற்கு வாரிசுச் சான்றிதழ் கேட்கக் கூடாது. பிள்ளைகளின் சம்மதக் கடிதம் கேட்கக் கூடாது. முத்திரைத்தாளில் உறுதிமொழியும் இரண்டு பேர் ஜாமீனும் கேட்கக் கூடாது. இது என் சொந்தக் கருத்து இல்லை. ரிசர்வ் வங்கி 2005-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் தேதியே எல்லா வங்கிகளுக்கும் எழுதியது. இருபது ஆண்டு கழித்து, 2025 செப்டம்பர் 26-இல் அதையே இன்னும் கண்டிப்பாக்கி, 2026 மார்ச் 31-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவரச் சொல்லி நெறிமுறை வெளியிட்டது.

ஆனாலும் நம் புதுச்சேரியில் கணவனை இழந்த பெண்கள் பாஸ்புக்கும் கையுமாகத் தாசில்தார் அலுவலக வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் என்பதுதான் என் கேள்வி.

முதலில் அந்த மூன்று சொற்களைப் புரிந்துகொள்வோம். கணக்குத் தொடங்கும்போது ஒரு படிவத்தில் "யார் இயக்குவது" என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலும் கவுண்டரில் இருப்பவரே டிக் அடித்துவிடுவார், நாம் கையெழுத்துப் போடுவோம். அந்த ஒரு டிக்கில்தான் எல்லாம் இருக்கிறது.

"ஐதர் ஆர் சர்வைவர்" என்றால், இருவரும் உயிரோடு இருக்கும்போது யார் வேண்டுமானாலும் தனியாகப் பணம் எடுக்கலாம். ஒருவர் இறந்தால் இருப்பவருக்கு வங்கி பணத்தைக் கொடுக்கலாம். "ஃபார்மர் ஆர் சர்வைவர்" என்றால், முதல் பெயர்க்காரர் இருக்கும்வரை அவர் மட்டும் இயக்குவார். அவர் இறந்தபிறகு இரண்டாமவர். "ஜாயிண்ட்லி" என்று மட்டும் இருந்தால் இருவரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் இறந்தால் மற்றவர் தனியாக எடுக்க முடியாது. இறந்தவரின் வாரிசுகளும் சேர வேண்டும்.

முதல் இரண்டிலும் இருக்கும் "சர்வைவர்" என்ற அந்தச் சொல், இருவரும் உயிரோடும் நல்ல நினைவோடும் இருக்கும்போது சேர்ந்து வங்கிக்குக் கொடுத்த கட்டளை. "எங்களில் ஒருவர் போய்விட்டால் மற்றவரிடம் கொடு" என்று கணவனும் மனைவியும் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டளையை ஏற்றுத்தான் வங்கி கணக்கைத் திறந்தது. பிறகு ஒருவர் இறந்த அன்று, "அது சரி, ஆனால் தாசில்தார் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்" என்று வங்கி சொன்னால், செத்தவரின் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்றுதானே அர்த்தம்?

இப்போது கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் வாதங்களுக்கு வருகிறேன். அவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். சிலர் என் வகுப்பில் படித்தவர்கள். அவர்கள் வேண்டுமென்றே கொடுமை செய்வதாக நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சொல்லும் காரணங்கள் நிற்கவில்லை.

முதல் வாதம்: "நாளைக்குப் பிள்ளைகள் வந்து கேஸ் போட்டால் வங்கிதானே மாட்டும்?" மாட்டாது. இதற்காகவே விதி எழுதப்பட்டிருக்கிறது. வங்கி மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொண்டால் போதும். ஒன்று, வந்திருப்பவர் அந்தக் கணக்கில் பெயருள்ளவர்தானா, இறந்தவர் இறந்தது உண்மைதானா என்று ஆவணம் பார்த்து உறுதிசெய்வது. இரண்டு, பணம் கொடுக்கக் கூடாது என்று எந்த நீதிமன்றமும் தடை போடவில்லை என்று தெரிந்திருப்பது. மூன்று, "இந்தப் பணத்தை வாரிசுகளின் சார்பில் பொறுப்பாளராகத்தான் பெற்றுக்கொள்கிறீர்கள்" என்று பெறுபவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுவது. இந்த மூன்றும் செய்து பணம் கொடுத்தால் வங்கியின் பொறுப்பு அத்தோடு தீர்ந்தது. பிள்ளைகள் கேஸ் போடலாம். அம்மா மேல் போடலாம். வங்கி மேல் அல்ல.

இந்த மூன்றாவது விஷயத்தைக் கவனியுங்கள். எதிர்த்து எழுதுகிறேன் என்பதற்காக நம் பக்கத்துக்குச் சாதகமானதை மட்டும் சொல்வது நியாயம் இல்லை. பணம் அம்மாவின் கைக்கு வருவது வேறு, பணம் முழுவதும் அம்மாவுக்கே சொந்தம் என்பது வேறு. இறந்தவரின் பங்கு யாருக்குச் சேரும் என்பதை வாரிசுரிமைச் சட்டமும் உயிலும்தான் முடிவு செய்யும். நாமினி விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2010-இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: நாமினி பணத்தைப் பெறுபவர், அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. கணக்கில் மிஞ்சியிருப்பவர் பெற்றுக்கொள்வதையும் ரிசர்வ் வங்கி இதே மாதிரிதான் பார்க்கிறது. எனவே பிள்ளைகளின் உரிமை எங்கும் போகவில்லை. அதைக் காப்பாற்றுவது வங்கி கவுண்டரின் வேலை இல்லை, நீதிமன்றத்தின் வேலை. பணத்தைக் கையில் கொடுக்கும் வேலையையும் யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்பளிக்கும் வேலையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இத்தனை அலைச்சல்.

இரண்டாவது வாதம்: "தொகை பெரியது, மேடம்." தொகைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சர்வைவர் பிரிவோ நாமினியோ இருந்தால், எவ்வளவு தொகையானாலும் இந்தச் சான்றிதழ்களைக் கேட்கக் கூடாது என்றுதான் விதி. தொகை வரம்பு வருவது வேறு இடத்தில். சர்வைவர் பிரிவும் இல்லை, நாமினியும் இல்லை என்றால்தான் அது வரும். அங்கேகூட வணிக வங்கிகளில் 15 லட்சம் வரை, கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரை எளிய நடைமுறைதான். நீதிமன்ற வாரிசுரிமைச் சான்றிதழ் கேட்கக் கூடாது. அந்த இடத்துக்கான ஆவணப் பட்டியலை எடுத்துவந்து சர்வைவர் கணக்குக்காரரிடம் நீட்டுகிறார்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு எட்டாம் வகுப்பு வினாத்தாள் கொடுப்பது போல.

மூன்றாவது வாதம் நம் ஊருக்கே உரியது: "நீங்கள் பிரெஞ்சு சட்டக் குடும்பம், உங்களுக்கு வேறு." நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 1881-ஆம் ஆண்டு ஆணைப்படித் தங்கள் சொந்தச் சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போன ரெனோன்சான் குடும்பங்கள் இங்கே உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே புதுச்சேரி ரெனோன்சான்களுக்கு இது பொருந்தாது என்று தனியாக எழுதியிருக்கிறது. சரி. ஆனால் அது, சொத்து கடைசியில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு. கூட்டுக் கணக்கில் மிஞ்சியவரிடம் வங்கி பணம் கொடுப்பதற்கு அல்ல. வங்கி விதி இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், ரெனோன்சான் என்று யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. கணக்குப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது.

வேடிக்கை என்னவென்றால், பிரான்சிலேயே இப்படி இழுத்தடிப்பதில்லை. அங்கே கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் ஒருவர் இறந்தால் கணக்கு முடங்குவதில்லை. வாரிசுகள் எதிர்ப்புத் தெரிவித்தால் ஒழிய, இருப்பவர் தொடர்ந்து இயக்கலாம். பங்கு பிரிப்பது தனியாக நடக்கும். பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் நம் சொல்தா குடும்பங்களைக் கேட்டுப்பாருங்கள். பிரெஞ்சுச் சட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு பிரெஞ்சுக்காரர்களே கேட்காத காகிதத்தை நாம் கேட்கிறோம்!

இனி ஒரு நிகழ்வு. முத்தியால்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா. பெயர் வேண்டாம், வங்கியின் பெயரும் வேண்டாம். கணவர் அரசு ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர். இருவர் பெயரிலும் ஒரு சேமிப்புக் கணக்கு, அதில் 2 லட்சத்து 80 ஆயிரம். 4 லட்சத்துக்கு ஒரு வைப்பு நிதி, முதிர்வுக்கு இன்னும் பதினான்கு மாதம். இரண்டும் ஐதர் ஆர் சர்வைவர். மூன்று பிள்ளைகள்: மகள் இங்கேயே, ஒரு மகன் பெங்களூரில், இன்னொரு மகன் பிரான்சில்.

காரியம் முடிந்து வங்கிக்குப் போனார். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்தார்கள். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ், மூன்று பிள்ளைகளும் நோட்டரி முன் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், முத்திரைத்தாளில் உறுதிமொழி, இரண்டு ஜாமீன்தாரர்கள், பழைய கணக்கை மூடிப் புதுக் கணக்கு. பிரான்சில் இருக்கும் மகன் சம்மதக் கடிதத்துக்கு இந்தியத் தூதரகத்துக்குப் போய் சான்றொப்பம் வாங்க வேண்டும். அதற்காக ஒரு நாள் வேலைக்கு விடுப்பு. அக்கா என்னிடம் வந்து, "டீச்சர், பத்து மாசம் ஆகுமாமே, அதுவரைக்கும் மாத்திரை எதுல வாங்குறது?" என்று கேட்டார்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். முதலில் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பார்த்தோம். பெயர்களுக்குக் கீழே இயக்கும் முறை அச்சிடப்பட்டிருந்தது. சில பாஸ்புக்கில் இருக்காது. அப்படியானால் கணக்கு எந்த முறையில் இயங்குகிறது என்று எழுத்தில் கேட்க வேண்டும். வைப்பு நிதி ரசீதையும் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சேமிப்பில் ஒரு முறையும் வைப்பு நிதியில் வேறு முறையும் இருக்கலாம்.

பிறகு நகராட்சியில் இறப்புச் சான்றிதழ் நான்கு பிரதி வாங்கினோம். அக்காவின் ஆதாரும் பான் அட்டையும். அப்புறம் ஒரு பக்கத்துக்கு ஒரு கடிதம். அதில் இருந்தது இவ்வளவே: கணக்கு எண், வைப்பு நிதி எண், இயக்கும் முறை, கணவர் இறந்த தேதி, "அவர் பெயரை நீக்கி, என் பெயரில் கணக்கைத் தொடரவும், வைப்பு நிதியை என் பெயருக்கு மாற்றவும் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி, "இதற்கு வாரிசுச் சான்றிதழோ மற்ற ஆவணமோ தேவை என்று வங்கி கருதினால், எந்த விதியின்படி என்று எழுத்தில் தெரிவிக்கவும்" என்று இன்னொரு வரி. வங்கியின் உரிமைகோரல் படிவத்தையும் நிரப்பி இணைத்தோம். இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கினோம்.

நண்பர்களே, அந்த முத்திரைதான் முக்கியம். வாயால் கேட்டதற்கு வாயால் "முடியாது" என்று சொல்வது எளிது. ஆவணங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நாள் எப்போது தொடங்கியது என்று காட்ட ஒரு முத்திரை இல்லாவிட்டால் அந்தப் பதினைந்துக்கு அர்த்தமே இல்லை. புதிய நெறிமுறைப்படி, வங்கியின் காரணத்தால் தாமதமானால் அந்த நாட்களுக்கு வங்கி விகிதத்தோடு 4 சதவீதம் சேர்த்து வட்டி கொடுக்க வேண்டும். முத்திரை போடப்பட்ட நகலே அதற்கும் சாட்சி.

எழுத்தில் காரணம் கேட்டதும் நிலைமை மாறியது. மேலாளர் அக்காவை உட்காரவைத்தார். சேமிப்புக் கணக்கில் கணவர் பெயர் அடுத்த வாரமே நீங்கியது. கணக்கு எண் மாறவில்லை. புதிய பாஸ்புக், புதிய காசோலைப் புத்தகம் கிடைத்தது. கணவரின் ஏடிஎம் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சான்றிதழும் இல்லை, ஜாமீனும் இல்லை.

ஆனால் வைப்பு நிதியில் ஒரு நிஜமான சிக்கல் இருந்தது. இதையும் சொல்லியாக வேண்டும். பெயரை நீக்க எந்தத் தடையும் இல்லை. முதிர்வு நாளில் அக்காவுக்கே பணம் வரும். ஆனால் அக்கா முதிர்வுக்கு முன்பே உடைக்க நினைத்தார். அதற்கு, கணக்குத் தொடங்கும்போது இருவரும் சேர்ந்து "எங்களில் மிஞ்சியவர் முன்கூட்டியே எடுக்கலாம்" என்று தனியாக எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். அப்படி எழுதிக்கொடுக்காவிட்டால், முன்கூட்டியே உடைக்க இறந்தவரின் வாரிசுகளின் சம்மதத்தை வங்கி கேட்கலாம். இதில் வங்கி சொன்னது சரி. அக்கா பதினான்கு மாதம் காத்திருக்க முடிவு செய்தார். கேட்ட ஐந்து காகிதத்தில் பிள்ளைகளின் சம்மதம் என்ற ஒன்றுக்கு, அதுவும் ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும், நியாயம் இருந்தது. மற்றவை பழக்கதோஷம்.

எனவே உங்கள் வீட்டில் இருவரும் நலமாக இருக்கும்போதே வைப்பு நிதி ரசீதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், அந்த முன்கூட்டிய எடுப்புக் கட்டளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இருவரும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். வேலை பத்து நிமிடம்.

ஓய்வூதியர் வீடுகளுக்கு இன்னொரு வார்த்தை. மத்திய அரசு ஓய்வூதியர் கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் ஓய்வூதியம் வாங்கி, ஓய்வூதிய ஆணையில் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் குறிக்கப்பட்டிருந்தால், அதே கணக்கில் குடும்ப ஓய்வூதியத்தை வரவு வைக்கலாம். புதுக் கணக்குத் திறக்க வேண்டும் என்று வங்கி வற்புறுத்தக் கூடாது. ஆனால் இறப்பை உடனே தெரிவியுங்கள். தெரிவிக்காத மாதங்களில் வந்த முழு ஓய்வூதியத்தில் அதிகப்படியானதை வங்கி பின்னால் பிடித்துக்கொள்ளும். அதைச் செலவழித்துவிட்டுத் தவிக்காதீர்கள்.

"பெயர் இருந்துட்டுப் போகட்டுமே, எனக்குத்தான் ஏடிஎம் கார்டு இருக்கே" என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. அன்பினால் விடுகிறார்கள், புரிகிறது. ஆனால் முதல் பெயர் அவருடையதாக இருந்தால் வட்டி முழுவதும் அவருடைய பான் எண்ணில்தான் பதிவாகும். வரி பிடித்தாலும் அவர் கணக்கில்தான் பிடிப்பார்கள். வரி பிடிக்க வேண்டாம் என்று நீங்கள் கொடுக்கும் படிவம் அங்கே செல்லாது. அதைவிட உடனடி ஆபத்து அவருடைய செல்போன் எண். ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்கு வரும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் அணைந்துபோகும், பிறகு வேறு யாருக்கோ போகும். எனவே பெயர் நீக்கும் அதே கடிதத்தில் உங்கள் செல்போன் எண்ணைப் பதியச் சொல்லுங்கள்; நீங்கள் முதல் பெயராவதையும் உறுதிசெய்யுங்கள்; புதிதாக நாமினி போடுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி வைக்கலாம்.

நாமினி பற்றிப் பலருக்கு ஒரு தவறான எண்ணம். கூட்டுக் கணக்கில் நாமினிக்கு உரிமை வருவது கணக்கில் உள்ள எல்லோரும் இறந்தபிறகுதான். கணவர் மட்டும் இறந்தால் நாமினியான மகனிடம் பணத்தைக் கொடுக்க முடியாது. எனவே "ஜாயிண்ட்லி" கணக்கில் நாமினி இருக்கிறாரே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அங்கே ஒருவர் இறந்தால் மிஞ்சியவரும் இறந்தவரின் வாரிசுகளும் சேர்ந்துதான் கேட்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ் கேட்பதற்கு அங்கேதான் இடம் இருக்கிறது. உங்கள் கணக்கு ஜாயிண்ட்லி என்றால், இருவரும் போய் ஐதர் ஆர் சர்வைவர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இதைச் செய்ய இருவரும் உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை.

இனி பிரிந்து வாழ்பவர்களுக்கு. இறப்பில் வங்கி தேவையில்லாமல் கேட்கிறது. பிரிவில் நிலைமை நேர் எதிர். இங்கே வங்கி கேட்பது சரிதான். நாம்தான் தவறாக எதிர்பார்க்கிறோம்.

உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயரை மற்றவர் சொன்னதற்காக நீக்க முடியாது. விவாகரத்துத் தீர்ப்பைக் கொண்டுபோய்க் காட்டினாலும், அதில் இந்தக் கணக்கைப் பற்றி உத்தரவு இல்லாவிட்டால், இருவர் கையெழுத்தும் வேண்டும். பெயர் நீக்கக் கையெழுத்துப் போடுபவர் அந்தக் கணக்கின் மேல் தன் பிடியை விட்டுவிடுகிறார். எனவே பாதிப் பணம் தன் கணக்குக்கு வந்துசேராமல் அந்தக் கையெழுத்தைப் போட வேண்டாம் என்று நான் எல்லாப் பெண்களிடமும் சொல்வேன்.

ஆனால் ஐதர் ஆர் சர்வைவர் கணக்கில், வீட்டை விட்டுப் போனவர் ஒரே நாளில் மொத்தப் பணத்தையும் எடுத்துவிடலாம். வங்கி தடுக்காது, ஏனென்றால் கட்டளையே அப்படித்தான். அதைத் தடுக்க ஒரு வழி உண்டு. கணக்கில் பெயருள்ள யார் வேண்டுமானாலும், மற்றவர் சம்மதம் இல்லாமலே, "எங்களுக்குள் தகராறு இருக்கிறது, இனி இருவரும் சேர்ந்து கையெழுத்திடாமல் பணம் கொடுக்க வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்கலாம். வங்கிகள் அதை ஏற்று ஒருவர் மட்டும் இயக்குவதை நிறுத்திவைக்கும். காசோலை, ஏடிஎம் அட்டை, இணைய வங்கி, யுபிஐ எல்லாவற்றையும் அந்தக் கடிதத்தில் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் காசோலையை நிறுத்திவிட்டு அட்டையைத் திறந்தே வைத்திருப்பார்கள். இங்கேயும் முத்திரை போட்ட நகல் வேண்டும், நேரத்தோடு. காலை பதினொரு மணிக்குக் கடிதம் கொடுத்து, மாலை நான்கு மணிக்கு அவர் பணம் எடுத்திருந்தால் அதற்கு வங்கி பதில் சொல்ல வேண்டும்.

அந்த நிறுத்தம் இருபக்கமும் வெட்டும். உங்களாலும் எடுக்க முடியாது. எனவே சம்பளமோ ஓய்வூதியமோ அந்தக் கணக்கில் வருகிறது என்றால், முதலில் தனிக் கணக்குத் திறந்து அதை அங்கே மாற்றிவிட்டுப் பிறகு கடிதம் கொடுங்கள். பிரான்சிலும் இதே ஏற்பாடுதான்: ஒருவர் பதிவுத் தபாலில் விலகல் தெரிவித்தால், கூட்டுக் கணக்கு இருவர் கையெழுத்துக் கணக்காக மாறிவிடும்.

மறுபடியும் முதல் விஷயத்துக்கே வருகிறேன். இறப்பில் விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் நடக்கவில்லை? கவுண்டரில் இருப்பவருக்கு ஒரு காகிதம் அதிகமாக வாங்கியதற்காக இதுவரை யாரும் தண்டனை கொடுத்ததில்லை. ஒரு காகிதம் குறைவாக வாங்கிவிட்டால் தணிக்கையில் கேள்வி வரும் என்று பயம். அந்தப் பயத்தின் விலையை அவர் கொடுப்பதில்லை. ஆட்டோ பிடித்துத் தாசில்தார் அலுவலகத்துக்கு நான்கு தடவை போகும் எழுபது வயதுப் பெண் கொடுக்கிறார். வருவாய்த்துறையும் தனக்குத் தேவையில்லாத விசாரணைகளைச் செய்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு தேவையற்ற வாரிசுச் சான்றிதழுக்கும் அக்கம்பக்க விசாரணை, அறிக்கை, கையொப்பம் என்று அரசு ஊழியர் நேரம் வீணாகிறது. உண்மையிலேயே அந்தச் சான்றிதழ் தேவைப்படுபவர் வரிசையில் பின்னால் நிற்கிறார்.

2005-க்கு முன்பே, தாராபோர் தலைமையிலான குழு, சாதாரண மக்கள் குடும்பத்தில் ஒருவர் இறந்தபின் வங்கியில் படும் அவஸ்தையை ரிசர்வ் வங்கியின் பார்வைக்குக் கொண்டுவந்தது. அதனால்தான் அந்த 2005 சுற்றறிக்கையே வந்தது. இருபது ஆண்டில் ஒரு தலைமுறை வங்கி ஊழியர்களே ஓய்வு பெற்றுவிட்டார்கள். இன்னும் "தெரியாது, மேடம்" என்பது பதிலாகாது.

எனவே நம் ஊர் வங்கிக் கிளைகளிடம் என் கோரிக்கை இரண்டுதான். ஒன்று, கவுண்டர் அருகே தமிழில் ஒரு பலகை வையுங்கள்: "கூட்டுக் கணக்கில் சர்வைவர் பிரிவு இருந்தால் பெயர் நீக்கத்துக்குத் தேவை: உரிமைகோரல் படிவம், இறப்புச் சான்றிதழ், அடையாள ஆவணம். 15 நாளுக்குள் தீர்க்கப்படும்." இரண்டு, இதற்கு மேல் ஏதாவது கேட்டால் துண்டுச் சீட்டில் அல்ல, வங்கியின் முத்திரையோடு, விதி எண்ணோடு எழுதிக் கொடுங்கள்.

கேட்பவர்களுக்கு என் சொல்: எழுத்தில் கொடுத்து எழுத்தில் வாங்குங்கள். கிளையில் நடக்காவிட்டால் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

இன்று மாலையே உங்கள் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பாருங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் துணைவரிடமும் காட்டுங்கள். கேள்வி இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். தேவைப்படுபவர்களுக்குப் பகிருங்கள்.